கடன் எந்தப் பணத்திலிருந்து திரும்பும்?

திண்டிவனம் பக்கத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மல்லாட்டை வாங்கி எண்ணெய் ஆலைகளுக்கு விற்கிறது, அதற்குக் கடன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. விண்ணப்பத்தின் போக்கு மட்டும் பல இடங்களில் காணக்கூடியது.

முதலில் எழுதியது இப்படி இருக்கும்: "எங்களிடம் 620 உறுப்பினர்கள். தலைக்கு இரண்டு ஏக்கர், ஏக்கருக்கு 800 கிலோ. ஆண்டுக்கு 992 டன் கொள்முதல், ஏறக்குறைய 7 கோடி ரூபாய் விற்பனை. உழவர் வருமானம் இரட்டிப்பாகும். 50 லட்சம் கடன் தேவை."

கடன் அதிகாரி பென்சிலால் கோடு போடும் இடம் முதல் வரியிலேயே இருக்கிறது. போன ஆண்டு 620 பேரில் நிறுவனத்துக்கு விற்றவர்கள் 90 பேர்தான். வாங்கியது 50 டன், அதாவது ஐந்து லாரி லோடு. மற்றவர்கள் வியாபாரியிடம் போனதற்குக் காரணம் உண்டு. ஆலை பணம் கொடுத்த பிறகுதான் நிறுவனத்தால் உழவருக்குப் பணம் தர முடிந்தது. வியாபாரியோ அன்றே கொடுத்தார். கடன் கேட்பதற்கான உண்மையான காரணம் இதுதான். பழைய விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திருத்தி எழுதும்போது, ஒரு லோடு பணம் எப்படிச் சுற்றி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காய்ந்த காய் கிலோ 65 ரூபாய்க்கு வாங்கினால் 10 டன்னுக்கு 6.5 லட்சம். சாக்கு, ஏற்றுக்கூலி, தரம்பிரிப்பு, லாரி வாடகை, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 2.50. ஆக ஒரு லோடில் முடங்குவது 6.75 லட்சம். ஆலை கிலோ 70 வீதம் 7 லட்சம் தருகிறது. லோடு சேர்ந்து, தரம் பிரித்து, அனுப்பி, பணம் கணக்கில் ஏற ஒரு மாதம் ஆகிறது. இரண்டு லோடு ஒரே நேரத்தில் சுற்ற வேண்டுமென்றால் 13.5 லட்சம் வேண்டும். கையில் 3.5 லட்சம் இருக்கிறது. எனவே தேவையான கடன் 10 லட்சம். 50 லட்சம் என்பது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 10 லட்சத்தை யார் கேட்டாலும் காகிதத்தில் போட்டுக் காட்டலாம்.

இங்கே எடைக் குறைவைக் கவனமாக எழுத வேண்டும். 12 சதவீத ஈரத்தில் வாங்கிய காய் 8 சதவீதத்துக்குக் காய்ந்தால், 100 கிலோ 96 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். கிலோவுக்கு ஏறக்குறைய 2.80 ரூபாய் அப்படியே ஆவியாகிறது. நம் மிச்சமோ 2.50தான். ஆகவே ஈரமானி வைத்துக் காய்ந்த காயை மட்டும் வாங்குவோம் என்ற ஒரு வாக்கியம், வருமானம் இரட்டிப்பாகும் என்ற வாக்குறுதியைவிட அதிகாரிக்கு நம்பிக்கை தரும்.

அடுத்தது திருப்பிச் செலுத்துதல். அசல், சரக்கு விற்ற பணத்திலிருந்து திரும்புகிறது. லாபம் வட்டியையும் அலுவலகச் செலவையும் தாங்கினால் போதும். நான்கு மாதங்களில் எட்டு லோடு, லோடுக்கு 25,000 மிச்சம், மொத்தம் 2 லட்சம். 12 சதவீத வட்டி நான்கு மாதத்துக்கு 40,000. நிறுவனம் நடத்தும் உரக்கடையின் வருமானம் போக மீதி நிற்கும் சம்பளமும் தணிக்கைச் செலவும் 1.2 லட்சம். மிஞ்சுவது 40,000. தொகை சிறியதுதான், ஆனாலும் அதை அப்படியே எழுத வேண்டும். 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை நிர்வாக உதவி உண்டு. அதை வருமானத்தில் சேர்த்து லாபத்தைப் பெருக்கிக் காட்டினால், நான்காம் ஆண்டு சம்பளம் யார் தருவது என்ற கேள்வி உடனே வரும்.

விலை இறங்கினால் என்ன ஆகும்? கையில் இரண்டு லோடு இருக்கும்போது கிலோவுக்கு 3 ரூபாய் விழுந்தால் நட்டம் 60,000. சொந்த நிதி 3.5 லட்சம் அதைத் தாங்கும். பருவம் முழுக்க மிச்சம் ஒரு ரூபாய் குறைந்தாலோ 80,000 போய்விடும், கணக்கு நட்டத்தில் முடியும். அதனால்தான் ஆலை விலை சொன்ன பிறகே அடுத்த லோடு வாங்குவோம் என்ற வரி விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், நிறுவனமும் அதன்படி நடக்க வேண்டும்.

இப்போது விண்ணப்பத்தின் முதல் பத்தி இப்படி ஆகிறது: "சென்ற ஆண்டு 90 உறுப்பினர்களிடம் 50 டன் வாங்கி விற்றோம். உடனே பணம் தர முடிந்தால் இந்த ஆண்டு ஏறக்குறைய 145 பேரிடம் 80 டன் வாங்க முடியும் என எதிர்பார்க்கிறோம். இரண்டு லோடுகளுக்கு மேல் சரக்கு வைத்திருக்க மாட்டோம்."

இதனுடன் சென்ற ஆண்டின் ஐந்து லோடுக்கும் எடைச் சீட்டு, விற்பனை பில், வங்கி வரவுத் தேதி மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்ட வேண்டும். ஏதாவது ஒரு லோடுக்கு ஆலை தாமதமாகப் பணம் தந்திருந்தால், எத்தனை நாள், ஏன் என்று அந்த வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. அதிகாரி அதை வங்கி அறிக்கையில் தானாகக் கண்டுபிடித்தால், மற்ற நான்கு லோடுகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.