காக்கா தலையாட்டும் நேரம்

பாட்டி வடை சுட்ட கதையில் நரி காக்காயை நீளமாகப் புகழும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பாவையில் நடத்தினால், இரண்டாவது வாக்கியத்திலேயே அவர்கள் கண் திரையை விட்டுப் போய்விடும். அதனால் நரிக்கு ஒரே வரி: “காக்கா, ஒரு பாட்டுப் பாடேன்!” மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதேதான். வரி மாறினால், எப்போது பதில் சொல்வதென்று பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

பிள்ளைகளின் பதில்: “பாடாதே காக்கா!” கூடவே இரண்டு கையையும் ஆட்டுவார்கள். கதை தொடங்குமுன் இதை ஒருமுறை சொல்லிப் பழக்க வேண்டும். நரி கேட்டதும் ஆட்டுபவர் பேசாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த வசனத்துக்குத் தாவுவதுதான் வழக்கமான பிழை. காக்காயின் அலகில் வடை இருப்பதால் அது பேசாது, தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டும்.

சிக்கல் முடிவில்தான். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தியும் காக்கா பாடி வடையை விட்டுவிட்டால், சிலர் அழுதே விடுவார்கள். அவர்கள் குரலுக்குப் பலன் வேண்டும். எனவே மூன்றாம் முறை காக்கா வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு “கா கா” என்று பாடும், நம் வீடுகளில் ஏற்கெனவே சொல்லும் முடிவுதான். முதல் முறை நாலைந்து குரல்தான் வரும். மூன்றாம் முறையும் அப்படியே இருந்தால், பதில் வரியை இன்னும் சுருக்குங்கள்: “வேண்டாம்!”