உதட்டுக் கருமையும் எலுமிச்சைச் சர்க்கரையும்

சர்க்கரை ஒரு தேக்கரண்டி, தேன் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு நான்கைந்து துளி. கலந்து உதட்டில் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவினால் கருமை போய்ச் சிவந்துவிடும் என்று சொல்லாத அழகுக்குறிப்பே இல்லை. செய்து பார்த்தவர்களைக் கேட்டால், உண்மையாகவே சிவந்தது என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

உதட்டின் தோல் முகத்தின் மற்ற இடங்களைப் போன்றதல்ல. மேலே இருக்கும் காய்ந்த அடுக்கு மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய் சுரப்பதும் மிகக் குறைவு. அதனால் ஈரத்தைப் பிடித்துவைக்க வழியில்லாமல் சீக்கிரம் வறண்டு உரிகிறது. இந்த மெல்லிய தோலுக்குச் சற்றுக் கீழேயே ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரைப் பரலைப் போட்டுத் தேய்த்ததும் உரிந்து நின்ற செதில் உதிர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, உதடு லேசாக வீங்கிப் பளபளக்கிறது. கண்ணாடியில் தெரியும் சிவப்பு இதுதான். ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

கருமையைத் தரும் மெலனின் நிறமியோ மேல்தோலின் அடிவரிசையில் உருவாகிறது. சர்க்கரை அவ்வளவு ஆழம் போகாது. போகும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தால் அதற்குப் பெயர் ஸ்க்ரப் இல்லை, காயம்.

இதில் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது பிறவி நிறம். நம் ஊர் மாநிறத்தவர்களிலும் கறுத்தவர்களிலும் பலருக்கு உதடு பழுப்பாகவோ மேலுதடு கறுத்தும் கீழுதடு நடுவில் இளஞ்சிவப்பாகவோ இருப்பது இயல்பு. சிறு வயதுப் படத்திலும் அப்படியே இருந்தால், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதே உதடு என்றால், அது நோயுமல்ல, அழுக்குமல்ல. அதை எந்தப் பூச்சும் நிரந்தரமாக மாற்றாது. பெண் வீட்டார் கறுத்த உதட்டைப் பார்த்துப் பையன் சிகரெட் பிடிப்பான் என்று முடிவுகட்டுவதும் இந்த அறியாமையில் வருவதுதான்.

சமீபத்தில் கறுத்த உதடு வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப உறுத்துவது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குத் தோல் எங்கே புண்பட்டாலும், ஆறும்போது அங்கே நிறமி கூடுதலாகச் சேரும். கொசு கடித்துச் சொறிந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உதட்டிலும் நடப்பது அதுதான். வித்தியாசம் என்னவென்றால், உதட்டை நாம் சும்மா விடுவதில்லை.

கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். மார்கழிப் பனியில் உதடு காய்கிறது. நாக்கால் நனைக்கிறாள். எச்சில் காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்துப் போகிறது. உணவைச் செரிக்க வைக்கும் அதன் நொதிகள் மெல்லிய தோலை அரிக்கின்றன. எரிச்சல் வர, மறுபடி நனைக்கிறாள். கடையில் புதினா வாசனை லிப் பாம் வாங்குகிறாள். அதிலுள்ள மென்தால் சில்லென்று இருக்கும், உறுத்தவும் செய்யும். உதடு இன்னும் உரிகிறது. உரிந்ததைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். பொங்கல் தாண்டியதும் உதட்டு ஓரத்தைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு வளையம். இந்த இடத்தில்தான் எலுமிச்சைச் சர்க்கரை வருகிறது.

எலுமிச்சையில் இரண்டு தொல்லை. ஒன்று அமிலம், உரிந்த தோலில் அது எரிக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. எலுமிச்சையிலும், அதைவிட அதிகமாக அதன் தோலிலும், ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருள்கள் உண்டு. அவை தோலில் பட்டிருக்கும்போது வெயில் விழுந்தால் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவப்போ கொப்புளமோ வரும், பிறகு அதே இடம் கறுத்துப் பல வாரம் நிற்கும். வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்த கையில் கறை கறையாகக் கருமை வந்தவர்களைத் தோல் மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. கருமையைப் போக்கப் பூசியது கருமையைத் தந்துவிட்டுப் போகிறது, அது ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு அடுத்த ஸ்க்ரப்.

அவளுக்கான வைத்தியம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஸ்க்ரப், வாசனை லிப் பாம், லிப்ஸ்டிக் எல்லாம் நிறுத்தம். வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, நாக்கு போகும் ஒவ்வொரு முறையும். காரமான புதினாப் பற்பசைக்குப் பதில் மென்மையான ஒன்று. பத்துப் பதினைந்து நாளில் உரிவது நிற்கும். நிறம் அவ்வளவு வேகமாக இறங்காது. மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நிறமி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் இறங்கியிருந்தால் பழுப்பாக இல்லாமல் சாம்பல் நீலமாகத் தெரியும், அது இன்னும் நாள் எடுக்கும்.

எல்லாம் நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லையென்றால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். லிப்ஸ்டிக்கின் வாசனைப் பொருள், அதில் சேரும் ஆமணக்கெண்ணெய், பற்பசையின் இலவங்கப்பட்டைச் சுவை, இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோல் மருத்துவர் முதுகில் சிறு ஒட்டுகளாக இந்தப் பொருள்களை வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார். தாமதமாகத் தலைகாட்டும் ஒவ்வாமைக்காக ஓரிரு நாள் விட்டு மீண்டும் பார்ப்பார். போகும்போது வீட்டில் உள்ள லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசை மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

கருமை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே சில காரணங்கள் பிடிபடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு உதட்டோடு முன்பக்க ஈறும் கறுத்திருக்கும். புகையின் ரசாயனங்களுக்கு எதிராக உடல் நிறமியைக் கூட்டிக்கொள்வதன் விளைவு அது. விட்டுவிட்டால் குறையும், ஆனால் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

மாத்திரைக் கருமை இன்னும் சுவாரசியமானது. உதட்டில் ஒரே ஒரு இடத்தில் வட்டமாகக் கரும்பழுப்புத் திட்டு. அவ்வப்போது அதே இடம் எரிந்து சிவந்து, சில சமயம் கொப்புளித்து, ஆறியதும் முன்னைவிடக் கறுக்கும். சூட்டுக் கொப்புளம் என்று மோர் குடித்துக்கொண்டிருப்பார்கள். தேதிகளைக் குறித்துப் பார்த்தால்தான் விளங்கும்: ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை விழுங்கியிருப்பார்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு டினிடசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை இதற்குப் பேர்போனவை. மெடிக்கலில் பெயர் கேட்காமல் நாலு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் உள்ளவரைத் திட்டு போகாது. மாத்திரை எது என்று கண்டுபிடித்து, இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அதைச் சொல்வதுதான் இதற்குச் சிகிச்சை.

சிறு வயதிலிருந்தே உதட்டில் புள்ளி புள்ளியாகக் கருமை, கூடவே அடிக்கடி வயிற்றுவலி என்றால் குடலில் கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோயாக இருக்கலாம். உதடு மட்டுமல்லாமல் உள்ளங்கை ரேகை, வாயின் உட்புறம் எல்லாம் சேர்ந்து கறுத்து, சோர்வும் எடைக்குறைவும் இருந்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். இவை அரிது. ஆனாலும் அழகுநிலையத்தில் தீர்க்கிற காரியங்கள் அல்ல.

சரி, நிறம் குறைக்கும் பொருள்கள்? வைட்டமின் சி, நியாசினமைடு, அதிமதுரச் சாறு, கோஜிக் அமிலம் போன்றவை மெலனின் உருவாவதையோ பரவுவதையோ கொஞ்சம் தடுக்கின்றன. முகத்தில் இவற்றுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. உதட்டில் ஆதாரம் சொற்பம். பூசியதில் பாதி காபியோடு உள்ளே போய்விடுகிறது. உறுத்தல் நின்ற உதட்டில் மெல்ல உதவலாம், உறுத்தல் தொடரும் உதட்டில் வீண். என் கணக்கில், இவற்றைப் பூசிப் பலன் கண்டவர்களில் பலருக்கு உண்மையில் உதவியது ஸ்க்ரப்பை நிறுத்தியதுதான்.

ஹைட்ரோகுவினோன் வலுவானது. மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த காலத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது. நீண்ட நாள் பூசினால் அதுவே சாம்பல் நீலக் கருமையை வரவழைக்கும். அதைவிட அஞ்ச வேண்டியது உட்பொருள் அச்சிடாத 'உடனடி பிங்க்' டப்பாக்கள். பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருந்தால் வேகமாக வெளுக்கும். பாதரசம் கலந்த அழகுப்பொருள்களை 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுப்பொருள் விதிகள் தடுக்கின்றன, தடுத்தும் கிடைக்கின்றன. கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2023-இல் சிலருக்கு வந்த சிறுநீரக நோய்க்கு, அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீம்களே காரணம் என மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் பூசியதற்கே இந்தக் கதி. உதட்டில் பூசுவதை விழுங்கவும் செய்கிறோம்.

லேசர் சிகிச்சை நிறமியை உடைக்கும், பலருக்குப் பலனும் தெரியும். ஆனால் கறுத்த தோலில் லேசரே புண்ணாகிக் கறுக்கும் அபாயம் உண்டு. காரணம் நீங்காதவரை நிறம் திரும்பி வரும். பணம் கட்டும் முன் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெயில் விஷயத்துக்கு வருவோம். முகம் முழுக்க சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களும் உதட்டை விட்டுவிடுகிறார்கள். கீழுதடு சற்றே பிதுங்கி வானத்தைப் பார்த்து இருப்பதால் உச்சி வெயில் நேராக விழுவது அதன்மேல்தான். புண்பட்டு ஆறிக்கொண்டிருக்கும் தோலில் வெயில் பட்டால் கருமை ஆழமாகப் பதியும். மூன்று மாதத்தில் மங்க வேண்டியது ஒரு வருடம் நிற்கும்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். புற ஊதா 'ஏ' கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு உள்ளது உறுத்துவது குறைவு. ஆனால் நம் உதட்டில் வெளிறிப் பூத்தாற்போல் தெரியும். அதற்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுத்த தோலில் நிறமியைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கிறது. அடர்த்தியான லிப்ஸ்டிக் ஓரளவு தடுக்கும், பளபளக்கும் லிப் கிளாஸ் தடுக்காது. ஒரே இழுப்பு போதாது. இரண்டு மூன்று முறை, ஓரம்வரை. பதினொரு மணி டீயோடு அது போய்விடும் என்பதால் குடித்ததும் மறுபடி. புதிதாக வாங்கியதை முதலில் முன்கையின் உட்புறம் தினம் இருமுறை என ஒரு வாரம் பூசிப் பார்க்கலாம். அரித்தால் அதை உதட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வயலிலும் கடலிலும் வருடக்கணக்கில் வெயிலில் நின்றவர்களுக்குக் கீழுதட்டில் இன்னொன்று வரலாம். உதடு முடிந்து தோல் தொடங்கும் கோடு மங்கும், ஒரே இடம் சொரசொரப்பாகச் செதில் விடும், ஆறாமல் வெடிக்கும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக அது இருக்கலாம். புகையிலை பழக்கமும் இருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. மூன்று வாரம் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும். சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். போகும் நாளன்று அந்த இடத்தைத் தேய்த்துச் செதிலை உதிர்த்துவிட்டுப் போகாதீர்கள், மருத்துவர் பார்க்க வேண்டியதே அந்தச் செதிலைத்தான்.