கமிஷன் ஐம்பது ரூபாய், கணக்கு எங்கே தப்புகிறது?

வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியோடு நெடுநேரம் பேரம் பேசுவது ஆளுக்கு இவ்வளவு என்று அவர் எடுக்கும் கமிஷனைப் பற்றித்தான். ஆனால் பணம் கரைவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

உள்சுவர்ப் பூச்சு 2,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தனார் ஒரு நாளில் சுமார் 100 சதுர அடி பூசுவார். இரண்டு கொத்தனார், கலவை போட ஒரு பெரியாள், சட்டி தூக்க இரண்டு சித்தாள் என்றால் பத்து நாள் வேலை. கூலி ஊருக்கு ஊர் மாறும். இங்கே கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 600 என்று கொள்வோம். (வெயிலில் ஓயாமல் ஏறி இறங்குகிறவருக்குத்தான் கூலி குறைவு என்பது வேறு கதை.) ஒரு நாள் கூலி 4,200, பத்து நாளுக்கு 42,000. கமிஷன் தலைக்கு 50 வீதம் 2,500. டீ, வடை தலைக்கு 40 வீதம் 2,000. மொத்தம் 46,500, அதாவது சதுர அடிக்கு 23 ரூபாய் 25 காசு. மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசினால் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

இப்போது மணல் லாரி இரண்டு நாள் மதியத்துக்கு மேல்தான் வருகிறது. ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள், கூலி உண்டு. இரண்டு அரைநாள் போனால் வேலை ஒரு நாள் நீளும். கூலி, கமிஷன், டீ சேர்த்து 4,650 கூடுதல். மொத்தக் கமிஷனைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு! சாயங்காலம் டேப் பிடித்துப் பாருங்கள். 200 சதுர அடி ஆகவில்லை என்றால் சரக்கு தாமதமா, ஆள் குறைவா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஆள் கணக்கு நோட்டை மேஸ்திரி மட்டும் எழுதவிடாதீர்கள். வராத சித்தாளும் அதில் வந்தவராகிவிடலாம்.

அட்வான்ஸ் தனிச் செலவு அல்ல, முன்கூட்டியே கொடுத்த கூலி. 10,000 கொடுத்திருந்தால் முதல் சனிக்கிழமை ஆறு நாள் கூலியும் கமிஷனும் 26,700. அதில் 6,000 கழித்து 20,700 கொடுக்கலாம். அடுத்த நான்கு நாளுக்கு 17,800. மீதி 4,000 கழித்தால் 13,800. முதல் வாரமே முழுதும் பிடித்தால் கையில் காசில்லாத ஆள் திங்கட்கிழமை வேறு சைட்டுக்குப் போய்விடுவார். கடைசி நாள்வரை விட்டுவைத்தால் பிடிக்கக் கூலியே மிச்சம் இருக்காது.

அட்வான்ஸை மேஸ்திரி கையில் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு போனது என்று ஆட்கள் முன்னாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணம் கைக்கு வராத ஆளின் கூலியிலும் பிடித்தம் விழும். இன்னொன்று: வாங்கிய அட்வான்ஸைச் சொல்லி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். பாக்கியைக் கேட்கலாம், ஆளைப் பிடித்துவைக்க முடியாது.