மேலண்ணச் சுரப்பியும் முக நரம்பும்

காதுமடலின் முன்னும் கீழுமாக, கீழ்த்தாடை எலும்பின் பின்விளிம்பைத் தழுவி மேலண்ணச் சுரப்பி அமைந்துள்ளது. ஏழாம் மூளை நரம்பாகிய முக நரம்பு இதனுள் நுழைந்து, ஐந்து கிளைத்தொகுதிகளாகப் பிரிந்து, நெற்றி முதல் கழுத்து வரையுள்ள தசைகளை இயக்குகிறது. ஆனால், இச்சுரப்பியை உமிழ்நீர் சுரக்கத் தூண்டுவது ஒன்பதாம் மூளை நரம்பே. முக நரம்பு இங்கு வெறும் வழிப்போக்கன்.

எனினும் அறுவை மருத்துவர் அஞ்சுவது இவ்வழிப்போக்கனுக்கே. சுரப்பியின் மேற்பகுதியில் தோன்றிய கட்டியை அகற்றுங்கால், அவர் முதலில் நரம்பின் அடித்தண்டைக் கண்டறிவார். பின்னர்க் கிளைகளைப் பின்தொடர்ந்து, அவற்றின் மேலுள்ள திசுவை மட்டும் நீக்குவார். கண்ணிமைக்குரிய கிளைகள் அறுபட்டால் கண்ணை மூட இயலாது. விழி உலர்ந்து புண்ணாகும். அறுவைக்கு முன்னரே முகத்தின் ஒருபுறம் செயலிழந்திருப்பின், அக்கட்டி புற்றாகலாம் என ஐயுற வேண்டும். தீங்கற்ற கட்டி நரம்பை ஒதுக்குமேயன்றிப் பொதுவாக முடக்குவதில்லை.

சுரப்பியின் நாளம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுடையது. பற்களைக் கடிக்கும்போது கன்னத்தில் இறுகும் மெல்லும் தசையின் மீது அது முன்னோக்கிச் செல்கிறது. அத்தசையின் முன்விளிம்பில் உட்புறம் திரும்பி, கன்னத் தசையைத் துளைத்து, மேல்தாடையின் இரண்டாம் பின்கடைவாய்ப் பல்லுக்கு எதிரே ஒரு சிறு மேட்டில் திறக்கிறது. பொன்னுக்கு வீங்கி நோயில் இத்திறப்பு சிவந்து வீங்குவதுண்டு.