கதாநாயகனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால்

1954இல் பிரான்சில் ஒரு மர்ம நாவல் வெளியானது. எழுதியவர்கள் புவாலோ, நார்செஜாக் என்ற இரட்டை எழுத்தாளர்கள். கோபுரத்திலிருந்து விழுந்து இறந்த காதலியை மறக்க முடியாத ஒருவன், பின்னாளில் அச்சு அசலாக அவளைப் போலவே இருக்கும் இன்னொருத்தியைச் சந்திக்கிறான். இருவரும் ஒருத்திதான் என்பது நாவலின் முடிவில்தான் வாசகருக்குத் தெரியவரும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1958இல் இதை 'வெர்டிகோ'வாகப் படமாக்கியபோது, அந்த ரகசியத்தைப் படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே போட்டு உடைத்துவிட்டார். கடைசியில் வைத்திருந்தால் அரங்கமே அதிர்ந்திருக்குமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

படத்தின் கதைக்களம் சான் பிரான்சிஸ்கோ. நாயகன் ஸ்காட்டி வேலையை விட்ட போலீஸ்காரர்; உயரத்தைக் கண்டால் தலைசுற்றும். பழைய நண்பன் எல்ஸ்டர் தன் மனைவி மேடலினைக் கண்காணிக்கச் சொல்ல, பின்தொடரப் போனவர் அவளைக் காதலிக்கத் தொடங்குகிறார். ஒருநாள் அவள் தேவாலய மணிக்கூண்டில் ஓடி ஏறுகிறாள். பாதிப் படியில் தலைசுற்றி நின்றுவிட்ட ஸ்காட்டியின் கண்ணெதிரே, ஜன்னலுக்கு வெளியே ஓர் உடல் விழுகிறது. மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்து மீண்டவர், தெருவில் ஜூடி என்ற கடை ஊழியரைப் பார்க்கிறார். அதே முகம்.

ஜூடியின் விடுதி அறைக்குப் போய், இரவு உணவுக்கு அழைத்துவிட்டு ஸ்காட்டி கிளம்புகிறார். அதுவரை பெரும்பாலும் அவரோடே அலைந்த கேமரா, இப்போது அவரை விட்டுவிட்டு ஜூடியோடு அறையிலேயே தங்கிவிடுகிறது. அவள் மனத்தில் மணிக்கூண்டு ஓடுகிறது. விழுந்தது எல்ஸ்டரின் உண்மையான மனைவியின் பிணம். மேடலினாக நடித்தவள் ஜூடி. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஸ்காட்டிக்குக் கடிதம் எழுதுகிறாள், பிறகு கிழித்துப் போடுகிறாள்.

இனி 'இவள் யார்?' என்ற கேள்வி இல்லை. 'இது தெரியவரும்போது இந்த மனுஷன் என்ன செய்வார்?' என்பதுதான் கேள்வி. அதோடு, நம் கவலை இரண்டு பேர்மீதும் விழுகிறது. துணிக்கடைக் காட்சியைப் பாருங்கள். மேடலின் அணிந்த அதே சாம்பல் நிற உடுப்பைத் தேடி ஸ்காட்டி அடம்பிடிக்கிறார், ஜூடி மறுக்கிறாள். உண்மை தெரியாமல் பார்த்தால், பித்துப் பிடித்தவனிடம் ஒரு பெண் சலித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். தெரிந்து பார்க்கும்போதோ, தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே உடுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் அவளை. தலைமுடிக்குப் பொன்னிறம் ஏற்றுவதும், அதை அதேபோல் கொண்டையிடுவதும் இப்படித்தான். கொலைக்குத் துணைபோனவள் என்று தெரிந்தும் அவளுக்காக நாம் பதறுகிறோம். இந்தப் பதற்றம் கடைசி நிமிடத் திருப்பத்தில் கிடைக்கவே கிடைக்காது.

ஹிட்ச்காக் இதை மேஜைக்கு அடியில் வைத்த வெடிகுண்டை வைத்து விளக்குவார். குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால், மேஜையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சுகூட 15 நிமிடம் நம்மைத் தவிக்கவிடும்.

ஆனால் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. தெரியாதவர் அதை எந்த நிமிடமும் கண்டுபிடிக்கக்கூடிய வழி திரையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். 'வெர்டிகோ'வில் அது ஒரு கழுத்தணி. மேடலின் வேஷத்தின் மிச்சமாக வைத்திருந்ததை ஜூடி ஒரு மாலை அசட்டையாக எடுத்து அணிகிறாள். ஸ்காட்டியின் பார்வை கண்ணாடியில் அதன்மேல் விழுகிறது. அப்படியொரு ஆபத்து இல்லாத படங்களில், முன்னாலேயே விஷயம் தெரிந்த பார்வையாளர் நாயகன் எப்போது விழித்துக்கொள்வான் என்று கடிகாரம் பார்ப்பார். நாயகனை முட்டாள் என்று எண்ணத் தொடங்கிவிட்டால் படம் கை நழுவியது என்று அர்த்தம்.

இதே மனிதர் இரண்டு ஆண்டு கழித்து, 'சைக்கோ'வில், கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை பொத்திவைத்தார். படம் தொடங்கியபின் யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்றும் விளம்பரம் செய்தார். ஆனாலும் அந்தப் பழைய வீட்டுக்குள் கொலைகாரக் கை ஒன்று இருப்பது நமக்குத் தெரியும், துப்பறிய வந்த ஆர்பகாஸ்டுக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக மேலே ஏறும்போது நமக்குத்தான் வியர்க்கிறது. 'யார்' என்பதை ஒளித்தவர், 'எங்கே' என்பதைச் சொல்லிவிட்டார்.

'வெர்டிகோ' விஷயத்தில் ஹிட்ச்காக்கே ஒரு கட்டத்தில் தடுமாறினார். படம் வெளிவரும் தறுவாயில், கடிதக் காட்சி வேண்டாம் என்று நீக்கச் சொன்னார். உடன் பணியாற்றியவர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. பாரமவுன்ட் நிறுவனத்தின் தலைவர் பார்னி பாலபன் தலையிட்டு, படம் முன்பிருந்தபடியே இருக்கட்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் அந்தக் காட்சி திரும்பி வந்தது.