பாதியில் உடைத்த எஃப்.டி.: கையில் மிஞ்சும் வட்டி எவ்வளவு?

மூன்று வருடத்துக்கு 7 சதவீதம் என்று போட்ட எஃப்.டி.யைப் பாதியில் எடுத்தால் என்ன கிடைக்கும்? கேட்டால் பெரும்பாலானோர் தயங்காமல் சொல்லும் விடை, “அரை சதவீதம் பிடித்துக்கொண்டு ஆறரை தருவார்கள்” என்பது. வங்கிக் கிளையில் ரசீதை நீட்டிப் பணத்தை வாங்கும்போதுதான் தொகை இடிக்கிறது. வங்கி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது என்ற சந்தேகம் வருகிறது. அநேகமாக வங்கியின் கணக்கு சரிதான். அரை சதவீதத்தை எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் நமக்கும் வங்கிக்கும் வித்தியாசம்.

எஃப்.டி. வட்டி காலத்தைப் பொறுத்து மாறுவது நமக்குத் தெரியும். பாரத ஸ்டேட் வங்கியின் அட்டவணையைப் பார்த்தால் 7 முதல் 45 நாள் வரை ஒரு விகிதம், 46 முதல் 179 நாள் வரை இன்னொன்று, ஒரு வருடம் முதல் இரண்டு வருடத்துக்குள் வேறொன்று என்று படிப்படியாகப் போகும். மூன்று வருடம் பணத்தை விட்டுவைப்பதாகச் சொன்னதால்தான் உங்களுக்கு மூன்று வருட விகிதம் கொடுத்தார்கள். பாதியில் எடுத்தால் அந்த ஒப்பந்தம் போய்விடுகிறது. பணம் உண்மையில் எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ, அத்தனை நாளுக்கு, நீங்கள் டெபாசிட் போட்ட அன்று என்ன விகிதம் இருந்தது என்று வங்கி பழைய அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும். அந்த விகிதத்திலிருந்துதான் அபராதத்தைக் கழிக்கும். அதாவது குறைப்பு இரண்டு முறை நடக்கிறது. அபராதம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையிலான டெபாசிட்டுக்கு அரை சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். ஏழு நாள்கூட ஆகாத டெபாசிட்டுக்கு எந்த வங்கியிலும் வட்டி கிடையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 4 லட்சம் ரூபாயை மூன்று வருடத்துக்கு 7 சதவீதத்தில் போடுகிறார். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும் வகை. அன்றைய அட்டவணையில் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் 6.5 சதவீதம், இரண்டு முதல் மூன்று வருடத்துக்குள் 6.75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடத்தில் அவருக்குப் பணம் தேவைப்படுகிறது.

அவர் நினைப்பது, ஏழிலிருந்து அரை போக ஆறரை. அப்படியானால் 4,40,619 ரூபாய் வர வேண்டும். ஆனால் பணம் ஒன்றரை வருடம்தான் இருந்தது. எனவே விகிதம் 6.5, அதிலிருந்து அரை போக 6. கைக்கு வருவது 4,37,377 ரூபாய். ஒப்பந்தப்படி 7 சதவீதம் ஓடியிருந்தால் அன்றைக்கு 4,43,881 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆக இழப்பு 6,504 ரூபாய். அவர் எதிர்பார்த்த இழப்பு 3,262 ரூபாய்தான். நடந்தது கிட்டத்தட்ட இரு மடங்கு. முதல் நாளிலிருந்தே அவருடைய பணம் 6 சதவீதத்தில்தான் ஓடியது என்று வங்கி பின்னோக்கிக் கணக்கை மாற்றி எழுதிவிடுகிறது. இந்தப் பின்னோக்கிய கணக்குதான் மொத்த விஷயத்தின் உயிர்நாடி. அசல் மட்டும் இதில் கரையவில்லை. ஒன்றரை வருடத்துக்கு 37,377 ரூபாய் வட்டி என்பது சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்திருந்தால் வந்திருப்பதைவிட நல்ல தொகைதான்.

இதே காரணத்தால்தான் எந்த நாளில் உடைக்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. இதே டெபாசிட்டை இரண்டு வருடம் நிறைவதற்கு ஒரு நாள் முன்பு எடுத்தால் 6 சதவீதம். நிறைந்த பிறகு எடுத்தால் 6.75 படிக்கு ஏறி, அபராதம் போக 6.25 சதவீதம். அந்தக் கால் சதவீதம் கடைசி நாளுக்கு மட்டுமல்ல, இரண்டு வருடம் முழுவதற்கும் கிடைக்கிறது. ஒரே ஒரு நாளில் சுமார் 2,200 ரூபாய் வித்தியாசம். அவசரம் சில நாள் பொறுக்கும் என்றால், ரசீதில் உள்ள தேதியையும் அட்டவணையின் அடுத்த படியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போவது நல்லது. ரசீதுத் தேதி என்று சொல்லும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கப்பட்ட டெபாசிட்டுக்குக் கடைசியாகப் புதுப்பித்த நாள்தான் தொடக்க நாள். “பத்து வருஷமா உங்க பேங்க்லதான இருக்கு” என்ற வாதம் அங்கே எடுபடாது. போன மாதம் புதுப்பித்த டெபாசிட்டை இன்று உடைத்தால் ஒரு மாதத்துக்கான குறைந்த விகிதம்தான் கிடைக்கும்.

அசல் கரையவில்லை என்றேன். வட்டியை மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வாங்கிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது. ஓய்வு பெற்றவர்கள் பலர் இந்த வகையில்தான் பணம் போடுகிறார்கள். அவர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சிதான் என்னை அதிகம் வருத்துகிறது. 6 லட்சம் ரூபாய், 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,500 ரூபாய் வட்டி. ஒன்றரை வருடத்தில் ஆறு முறை, மொத்தம் 63,000 ரூபாய் வாங்கி வீட்டுச் செலவுக்குப் போய்விட்டது. இப்போது மருத்துவச் செலவுக்காக டெபாசிட்டை உடைக்கிறார்கள். 5 லட்சத்துக்கு மேல் என்பதால் அபராதம் 1 சதவீதம் என்று கொண்டால், 6.5 போய் 5.5 ஆகிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் 8,250 ரூபாய்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆறு முறைக்கு 49,500. கூடுதலாகக் கொடுத்த 13,500 ரூபாயை வங்கி அசலிலிருந்து பிடித்துக்கொள்ளும். 6 லட்சம் கட்டியவருக்கு 5,86,500 ரூபாய் வரும். கட்டிய பணத்தையே குறைத்துவிட்டார்கள் என்று அவர்கள் பதறுவது நியாயம்தான். இப்படி நடக்கும் என்பதை டெபாசிட் போடும் அன்றே கிளை ஊழியர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். வட்டிக்கு ஏற்கெனவே டி.டி.எஸ். பிடித்திருந்தால் அந்தத் தொகை படிவம் 26ஏஎஸ்-ல் உங்கள் பெயரில் இருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, உடைக்காமல் சமாளிக்க முடியுமா? டெபாசிட்டின் மேல் கடன் வாங்கலாம். பொதுவாக டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை ஓவர்டிராஃப்டாகக் கொடுப்பார்கள். வட்டி, டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதல். “என் பணத்துக்கு நானே வட்டி கட்டுவதா?” என்ற எண்ணத்தில் பலர் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் டெபாசிட் உடையாமல் தன் 7 சதவீதத்தைச் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கடன் 8 சதவீதம் என்றால், உண்மையில் நமக்குச் செலவாவது இரண்டுக்கும் இடையிலுள்ள 1 சதவீதம்தான்.

4 லட்சம் போட்டவரிடமே திரும்ப வருவோம். ஒன்றரை வருட முடிவில் அவருக்குத் தேவை ஒன்றரை லட்சம் ரூபாய், ஆறு மாதத்தில் திருப்பிவிடுவார் என்றால், 8 சதவீதக் கடனுக்கு வட்டி சுமார் 6,000 ரூபாய். அதே ஆறு மாதத்தில் அந்த ஒன்றரை லட்சம் டெபாசிட்டுக்குள் ஈட்டும் வட்டி சுமார் 5,300. நிகரச் செலவு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. டெபாசிட்டை மொத்தமாக உடைத்திருந்தால் 6,504 ரூபாய் போயிருக்கும். கடனைத் திருப்பவே முடியாமல் டெபாசிட் முதிரும்வரை இன்னும் ஒன்றரை வருடம் இழுத்தாலும் நிகரச் செலவு சுமார் 2,600 ரூபாய்தான். உடைப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. மீதி இரண்டரை லட்சத்துக்கு மேல் உள்ள பணத்தைத் திரும்பவும் போட்டால் இன்றைய விகிதம்தான் கிடைக்கும். 2025-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. டெபாசிட் வட்டிகளும் இறங்கின. அதற்கு முன்பு நல்ல விகிதத்தில் போட்ட டெபாசிட்டை இப்போது உடைத்தால் அந்த விகிதம் திரும்பக் கிடைக்காது.

அதற்காக எப்போதும் கடன்தான் மேல் என்று சொல்லிவிட முடியாது. டெபாசிட் போட்டு இரண்டே மாதம் ஆகியிருக்கிறது, முழுப் பணமும் வேண்டும், திருப்பிக் கட்ட வழியில்லை என்றால் உடைப்பதே நல்லது. இரண்டு மாதத்துக்கான விகிதம் 5 சதவீதம், அபராதம் போக 4.5 என்று கொண்டாலும் இழப்பு 1,700 ரூபாயைத் தாண்டாது. அதைத் தவிர்க்க 34 மாதம் கடனைச் சுமந்தால் வட்டி வித்தியாசம் மட்டுமே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். முதிர்வுக்கு மூன்றே மாதம் இருக்கும்போது நிலைமை நேர் எதிர். அப்போது உடைத்தால் இரண்டே முக்கால் வருடத்து வட்டியும் 6.25 சதவீதத்தில் திருத்தி எழுதப்படும். சுமார் 9,700 ரூபாய் போய்விடும். 3,60,000 ரூபாயை அந்த மூன்று மாதத்துக்குக் கடனாக எடுத்தால் நிகரச் செலவு ஆயிரத்துக்குள் அடங்கும். டெபாசிட்டுக்கு வயது ஏற ஏற உடைப்பது விலை கூடுகிறது, கடன் மலிவாகிறது. பெரும்பாலும் இதைத் தெரியாமல்தான் முதிர்வை நெருங்கிய டெபாசிட்டைக்கூட உடைத்துவிடுகிறார்கள்.

வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட எஃப்.டி.யில் இந்த இரண்டு வழியும் கிடையாது. அதை இடையில் எடுக்கவும் முடியாது, அதன் மேல் கடனும் வாங்க முடியாது. ஒரு கோடி ரூபாய் வரை தனிநபர் போடும் மற்ற சாதாரண டெபாசிட்டுகளுக்கு, இடையில் எடுக்கும் வசதியை வங்கி கொடுத்தாக வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு.

உடைப்பதற்கு முன் கிளையில் இரண்டு தொகைகளை எழுதி வாங்குங்கள்: இன்று மூடினால் கைக்கு வரும் தொகை, இதே டெபாசிட்டின் மேல் கடன் எடுத்தால் மாத வட்டி. பல வங்கிகளின் செயலியிலேயே, மூடுவதை உறுதி செய்வதற்கு முந்தைய திரையில் முதல் தொகை வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடலாம்.

இனிமேல் போடப்போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 4 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒன்றரை, ஒன்றரை, ஒரு லட்சம் என்று மூன்றாகப் போட்டால் வட்டி விகிதம் மாறாது. ஒன்றரை லட்சம் தேவைப்படும்போது அந்த ஒரு ரசீதை மட்டும் உடைத்தால் இழப்பு 2,439 ரூபாயோடு நின்றுவிடும். கடனை ஒன்றரை வருடம் சுமந்த செலவுக்கும் அது கிட்டத்தட்ட சமம். 6 லட்சம் போடுபவர் இரண்டு மூன்று லட்சங்களாகப் பிரித்தால், 5 லட்சத்தை எல்லையாக வைத்திருக்கும் வங்கியில் அபராதமும் ஒன்றிலிருந்து அரை சதவீதமாகக் குறையும். அதுவும் உடைத்த ரசீதுக்கு மட்டும்தான். மற்றது 7 சதவீதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.