பொருளுக்கும் ஒரு பெயர் வையுங்கள்

'இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று பலகை வைத்த கடைக்குள் வேறு நிறுவனத்தின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் ஊரெங்கும் பரவியது நிறுவனத்துக்கு வெற்றிதான். ஆனால் சட்டப்படி அது அபாயம். சரக்கு யாருடையது என்று சொல்ல வேண்டிய வணிகச் சின்னம், அது என்ன சரக்கு என்று மட்டும் சொல்லத் தொடங்கினால், அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கக்கூடும்.

அமெரிக்காவில் தெர்மாஸ் நிறுவனத்துக்கு அதுதான் நேர்ந்தது. நாம் பிளாஸ்க் என்று சொல்லும் குடுவையை அது 1907 முதல் அங்கே விற்றது. அப்போது அந்தப் பொருளே மக்களுக்குப் புதிது. அதற்கு வேறு எளிய பெயர் கிடையாது. தெர்மாஸ் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டதை நிறுவனமே தன் பட்டியலில் பெருமையாக அச்சிட்டது. ஆபத்து புரிந்து, 1923-க்குப் பிறகுதான் 'வெற்றிடக் குடுவை' என்ற பொருள்படும் சொற்களைப் பெயரோடு சேர்க்கத் தொடங்கியது. அதற்குள் மக்கள் நாக்கில் பழைய சொல் ஊறிவிட்டது.

அலாடின் என்ற போட்டி நிறுவனத்தோடு நடந்த வழக்கில் ஒரு கருத்துக்கணிப்பு முன்வைக்கப்பட்டது. இத்தகைய குடுவையை அறிந்தவர்களில் சுமார் 75 சதவீதத்தினர் அதைத் தெர்மாஸ் என்றே அழைத்தார்கள். அது ஒரு வணிகச் சின்னம் என்று தெரிந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான். 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பொதுச்சொல் என்றே தீர்த்தது. பாதுகாப்பாக மிஞ்சியது கொஞ்சம்தான்: அலாடின் அந்தச் சொல்லைச் சிறிய எழுத்தில், தன் பெயரை முன்னால் போட்டுத்தான் எழுத வேண்டும், 'அசல்' என்று சொல்லக் கூடாது.

ஆகவே புதுவகைப் பொருளைக் கொண்டுவரும் நிறுவனம், முதல் நாளிலேயே இரண்டு பெயர் வைக்க வேண்டும்: ஒன்று தனக்கு, மற்றொன்று பொருளுக்கு. பொருளின் பெயர் வாயில் எளிதாக நுழைய வேண்டும்; நீளமான தொழில்நுட்பச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். அட்டைப்பெட்டி, விளம்பரம், விற்பனையாளர் பேச்சு எல்லாவற்றிலும் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். பேண்ட்-எய்ட் நிறுவனம் தன் விளம்பரப் பாட்டிலேயே பெயருக்குப் பின்னால் 'பிராண்ட்' என்ற சொல்லைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. நிறுவனமே தன் பெயரைப் பொதுச்சொல்லாக எழுதினால், அந்தக் காகிதம்தான் எதிர்த்தரப்பின் முதல் சான்று.

வாடிக்கையாளரைத் திருத்தப் புறப்படுவது வீண். 'கூகுள் பண்ணு' என்று மக்கள் வினையாகச் சொல்வதாலேயே பெயருரிமை போய்விடாது என்று 2017-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எல்லாத் தேடுபொறிகளையும் அவர்கள் அப்பெயரால் அழைக்கிறார்களா என்பதே கேள்வி. கண்டிப்பு காட்ட வேண்டியது, உங்கள் பெயரைத் தன் சரக்கின் மேல் ஒட்டும் போட்டியாளரிடம். அவருக்கு நோட்டீஸ் அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்.